மொத்தமாக எடுத்தால் எவ்வளவு குறைப்பீங்க?

சிறுமலை வாழைப்பழம் புவிசார் குறியீடு பெற்றது. அதைக் கேட்டு வரும் வெளியூர் வியாபாரி, "500 கிலோ எடுத்தா என்ன விலைங்க?" என்பார். உடனே ஒரு விலையைச் சொல்லிவிட்டால் நஷ்டம் விவசாயிக்குத்தான்.

ஒரு கணக்கு பார்க்கலாம். தோட்டத்தில் கிலோ 60 ரூபாய். கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து திண்டுக்கல்லில் இறக்க வேன் வாடகை 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ ஏற்றினாலும் 500 கிலோ ஏற்றினாலும் வாடகை அதேதான். ஆக, 100 கிலோவுக்குக் கிலோ 75 ரூபாய், 300 கிலோவுக்கு 65, 500 கிலோவுக்கு 63 ரூபாய் அடக்கம். 100-லிருந்து 300-க்குப் போகும்போது 10 ரூபாய் குறைக்கலாம். அதற்கு மேல் 2 ரூபாய்தான் மிச்சம். அதைத் தாண்டிக் குறைத்தால் விளைச்சல் காசிலிருந்து போகிறது.

இந்த மூன்று விலையையும் நிபந்தனைகளோடு எழுதி அனுப்ப வேண்டும். "ஒரே நாளில், ஒரே வண்டியில் ஏற்றும் எடைக்கே இந்த விலை. தண்டு நீக்கிய சீப்பு எடை, தோட்டத்திலேயே போடப்படும். தார் வெட்டும் முன் பாதிப் பணம். விலை 15 நாளுக்கு மட்டும்."

முதல் நிபந்தனைதான் முக்கியம். 500 கிலோ விலையைப் பேசிவிட்டு, வாரம் 100 கிலோவாக எடுப்பவர்கள் உண்டு. அப்போது கிலோவுக்கு 12 ரூபாய் கையைக் கடிக்கும்.