அவரவர் வழக்கம்

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்காகப் போயிருந்தபோது, பழைய நண்பர் ஒருவரின் கிராமத்து வீட்டில் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. என்னோடு கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தவர். யாருக்கும் மனத்தாலும் தீங்கு நினைக்காத மனிதர். மறுநாள் காலை திண்ணையில் உட்கார்ந்து காப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வாசல் தெளிக்க வந்த அம்மாள் வேலையை முடித்துவிட்டு, மாட்டுக்கொட்டில் இறவாரத்தில் செருகியிருந்த ஒரு நசுங்கிய அலுமினிய டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். நண்பரின் மனைவி சற்று உயரத்திலிருந்து அதில் காப்பியை ஊற்றினார். அம்மாள் குடித்தாள், தானே கழுவினாள், பழையபடி இறவாரத்தில் செருகிவிட்டாள். கூட வந்திருந்த அவள் பேத்திக்குப் பத்து வயசு இருக்கும். "நீயும் குடிடி" என்றதற்கு அந்தப் பெண், "எனக்கு வேணாம் ஆயா, நான் வீட்டுலே குடிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் பார்த்ததை நண்பரும் பார்த்துவிட்டார்.

"எங்க பாட்டி காலத்துலேருந்து இப்படித்தான். அந்தம்மாவுக்கே இதிலே ஒரு குறையும் கிடையாது. ஒவ்வோர் ஊருக்கு ஒரு வழக்கம். இது சரி, அது தப்புன்னு சொல்ல நாம யாரு, சொல்லு?"

"அதுவும் சரிதான்" என்றேன் நான்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் இந்த 'அதுவும் சரிதான்' என்னை உறுத்திக்கொண்டே வந்தது. விருந்தாளியின் கோழைத்தனம் என்று அதை ஒதுக்கிவிட்டிருக்கலாம். ஆனால் சங்கடம் அதுவல்ல. நண்பர் சொன்ன அதே வாக்கியத்தைச் சில மாதங்களுக்கு முன்னால் நானே சொல்லியிருக்கிறேன், மிகவும் பெருமையாக! எங்கள் மாடியில் புதிதாகக் குடிவந்தவர்கள் கருவாடு வறுக்கிறார்கள் என்று கீழ்வீட்டுக்காரர் சண்டைக்குக் கிளம்பியபோது, "அவரவர் சாப்பாடு, அவரவர் வழக்கம், நாம் யார் சொல்ல?" என்று அவர் வாயை அடைத்தவன் நான்தான். அங்கே தர்மமாக ஒலித்த வாக்கியம் இங்கே ஏன் அதர்மத்துக்குக் குடை பிடித்தது?

பெரிய பெரிய அறிஞர்களே இந்தக் குழப்பத்தில் அகப்பட்டுக்கொண்ட கதை ஒன்று உண்டு. 1947-ஆம் வருஷம் ஐக்கிய நாடுகள் சபை உலக மனிதர்களுக்கெல்லாம் பொதுவான ஓர் உரிமைப் பிரகடனத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. அந்தக் குழுவுக்குத் தலைவி எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார். அப்போது அமெரிக்க மானிடவியல் சங்கத்தின் நிர்வாகக் குழு ஓர் எச்சரிக்கை அறிக்கை அனுப்பியது. அதை எழுதியவர் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ். ஒரு மனிதன் மனிதனாக வளர்வதே தன் சமூகத்தின் பழக்கவழக்கங்களின் மூலம்தான். ஆகவே மனிதனை மதிப்பதென்றால் அவன் வழக்கங்களையும் மதிக்கவேண்டும். ஒரு நாகரிகத்தைவிட இன்னொன்று உயர்ந்தது என்று நிறுத்துக் காட்டும் தராசு விஞ்ஞானத்திடம் இல்லை. நன்மை தீமை என்பவை அந்தந்தச் சமூகத்தைப் பொறுத்தவை. ஒரு சமூகத்தின் அளவுகோலை உலகத்துக்கெல்லாம் விதியாக்கக் கூடாது. அறிக்கையின் சாரம் இதுதான்.

அதன் நோக்கத்தை நாம் குறை சொல்ல முடியாது. 'நாங்கள் நாகரிகம் கொண்டுவருகிறோம்' என்று சொல்லிக்கொண்டே ஐரோப்பியர்கள் பாதி உலகத்தை அடிமைப்படுத்தியிருந்த காலம் அது. பொது நியாயம் என்ற பேரில் வந்த துப்பாக்கியை அந்த அறிஞர்கள் பார்த்திருந்தார்கள். பலவீனமான ஜனங்களுக்காக அவர்கள் பரிந்து பேசினார்கள்.

ஆனால் மறு வருஷமே சங்கத்தின் சொந்தப் பத்திரிகையில் ஜூலியன் ஸ்டீவர்ட், ஹோமர் பார்னெட் என்ற இரு மானிடவியலாளர்கள் இதை மறுத்து எழுதினார்கள். ஸ்டீவர்ட் கேட்டது எளிய கேள்வி. எல்லா வழக்கங்களையும் மதிக்கவேண்டுமென்றால், அமெரிக்காவின் நிறபேதத்தையும் இந்தியாவின் ஜாதிக் கட்டையும்கூட மதித்துவிட வேண்டியதுதானா? ஒன்று, எதிலும் தலையிடாமல் கையைக் கட்டிக்கொண்டிருங்கள். அல்லது சகிப்பின்மையையும் ஆக்கிரமிப்பையும் எங்கே கண்டாலும் எதிருங்கள். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாது என்பது அவர் வாதம்.

இந்த முடிச்சைக் கொஞ்சம் நிதானமாக அவிழ்த்துப் பார்த்தேன். 'சமூகங்களுக்கு அப்பாற்பட்ட நியாயம் என்று ஒன்று இல்லை' என்பது ஒரு வாக்கியம். 'ஆகவே எல்லாச் சமூகங்களையும் மதி' என்பது இன்னொரு வாக்கியம். முதலாவதிலிருந்து இரண்டாவது எப்படிப் பிறக்கும்? பிறக்காது. பிறரை அடக்கி ஆள்வதே வீரம் என்று ஒரு சமூகம் நம்பினால், முதல் வாக்கியத்தின்படி அதுவும் அவர்களுக்கு நியாயம்தானே! 'பிறர் வழக்கத்தை மதிக்காதது தப்பு' என்று அவர்களிடம் சொல்ல எனக்கு ஏது வாய்? சொல்லவேண்டுமானால், எந்தச் சமூகத்தவனானாலும் மனிதன் அவமதிக்கத் தகாதவன் என்ற ஒரே ஒரு பொது நியாயத்தையாவது நான் ஒப்புக்கொண்டாக வேண்டும். சகிப்புத்தன்மை என்பது நியாயம் இல்லாத வெற்றிடத்தில் முளைத்த செடியல்ல. அதற்கும் ஒரு வேர் உண்டு. ஆள வந்தவர்கள் செய்தது அக்கிரமம் என்று ஹெர்ஸ்கோவிட்ஸ் கொதித்தாரே, அந்தக் கொதிப்பே அந்த வேரிலிருந்து வந்ததுதான்.

1948 டிசம்பர் 10-ஆம் தேதி பிரகடனம் நிறைவேறியது. 48 நாடுகள் ஆதரித்தன. 8 நாடுகள் விலகி நின்றன. எதிர்த்து வாக்களித்தவர் எவருமில்லை. முதல் ஷரத்தில் 'எல்லா ஆண்களும்' என்றும் பொருள்படக்கூடிய ஆங்கிலச் சொல்லை மாற்றி, 'எல்லா மனிதப் பிறவிகளும்' என்று வரச் செய்தவர் இந்தியாவிலிருந்து போயிருந்த ஹன்ஸா மேத்தா. பொது நியாயம் மேல்நாட்டுச் சரக்கு என்பவர்கள் இதை யோசிக்கலாம். அந்த மானிடவியல் சங்கமும் 1999-இல் புதிய பிரகடனம் ஒன்றை வெளியிட்டது. தங்கள் பண்பாட்டின்படி வாழும் உரிமை எல்லாருக்கும் உண்டு, பிறருடைய அதே உரிமையைக் குறைக்காதவரையில் என்பது அதன் கருத்து. ஐம்பத்திரண்டு வருஷம் கழித்துச் சேர்ந்த அந்தக் கடைசிச் சொற்களில்தான் விஷயமே இருக்கிறது.

கருவாட்டுக்கும் டம்ளருக்கும் உள்ள வித்தியாசம் இப்போது எனக்குப் புரிந்தது. மாடிவீட்டார் வறுக்கும் கருவாட்டால் யாரும் தாழ்ந்துபோவதில்லை. வழக்கத்துக்கு உரியவர்களே அதைச் சாப்பிடுகிறார்கள். இறவாரத்து டம்ளரோ வேறு ஜாதி. வழக்கம் ஒருவருடையது, அதன் பாரம் இன்னொருவருடையது. 'அந்தம்மாவுக்கே குறை இல்லை' என்றார் நண்பர். வேலை போய்விடும் என்றிருக்கும்போது குறையை எவள் வாய்விட்டுச் சொல்வாள்? மேலும், 'அந்த ஊர் வழக்கம்' என்று ஒரே குரலாகப் பேசுகிறோமே, அந்த ஊரில் அந்தப் பத்து வயசுப் பெண்ணும் இருக்கிறாள் அல்லவா? வேணாம் என்று அவள் சொன்னாள். வெளியூர்ச் சட்டத்தையோ ஐக்கிய நாடுகளையோ படித்துவிட்டு அவள் அதைச் சொல்லவில்லை.

இதனால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. குழந்தைக்கு என்ன மதம் போதிப்பது, பெற்றோர் சொல் எதுவரை செல்லும் என்பது போன்ற இடங்களில் யாருடைய பாரம் எது என்று பிரிப்பதே கஷ்டம். அங்கே தயங்குவதுதான் அறிவு. ஆனால் தயங்கவேண்டாத இடத்திலும் தயங்கிவிட்டு, அதற்குச் சகிப்புத்தன்மை என்று பேர் வைத்துக்கொள்வது வேறு விஷயம்.

நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'அதுவும் சரிதான்' என்றது பொய், எனக்கு அது சரியாகப் படவில்லை என்று எழுதினேன். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. "என் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு எனக்கே உபதேசமா?" என்று கோபமாக ஆரம்பித்து, இரண்டு பக்கம் எழுதியிருந்தார். கடைசியில் மட்டும் ஒரு வரி: "அந்தப் பெண் இப்போது அவள் பாட்டியோடு வருவதில்லை."

அவர் ஏன் அதை எழுதினார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவள் வராததை அவர் கவனித்திருக்கிறார்.