சம்பளச் சீட்டில் ஒரு வரி

எலெக்ட்ரானிக் சிட்டியின் தொழில்நுட்ப வளாகங்களில் காலை ஆறு மணிக்கு முதலில் நுழைவோர் மென்பொறியாளர்கள் அல்லர். துப்புரவுப் பணியாளர்களும் காவலாளிகளும் கேண்டீன் ஊழியர்களும்தாம். அவர்களுள் கணிசமானோர் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்து வந்து பொம்மசந்திரா, ஹெப்பகோடி, அத்திப்பள்ளி பக்கம் குடியேறியவர்கள். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அத்தகைய ஒரு வளாகத்தில் ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளராக இருந்த நாற்பத்து மூன்று வயதுப் பெண் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் உறுதிசெய்யப்பட்டது. மாதச் சம்பளம் 18,000 ரூபாய். கணவர் ஆட்டோ ஓட்டுபவர். குடும்ப அட்டை தமிழ்நாட்டில். வாழ்வும் வேலையும் கர்நாடகத்தில்.

திசுப் பரிசோதனை முடிவு வந்த அன்று இரவே அக்குடும்பம் இரண்டு முடிவுகளை எடுத்தது. ஒன்று, நகையை அடகு வைத்து அருகிலுள்ள தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டி உடனே அறுவை சிகிச்சை செய்துகொள்வது. மற்றொன்று, இனி வேலைக்குப் போக இயலாது என்பதால் ராஜினாமாக் கடிதம் கொடுப்பது. இரண்டுமே இயல்பான முடிவுகள். காப்பீடு இல்லாத ஒருவர் பணத்தைத் தேடுவார். நோயுற்ற ஒருவர் ஓய்வைத் தேடுவார். ஆயினும் அந்த இரண்டும் நிறைவேறியிருந்தால், அவருக்கு ஏற்கெனவே இருந்த பாதுகாப்பு அவர் கையாலேயே அறுந்துபோயிருக்கும்.

அவரைத் தடுத்தது மருத்துவமனையின் சமூகப் பணியாளர் கேட்ட ஒரு கேள்வி. “எந்த இன்சூரன்சும் இல்லைங்க” என்று அவர் சொன்னபோது, “சம்பளச் சீட்டு கையில இருக்காம்மா?” என்று அந்தப் பணியாளர் கேட்டார். கைபேசியில் இருந்த சீட்டில், பிடித்தங்களுக்குக் கீழே ஒரு வரி இருந்தது: ஈ.எஸ்.ஐ., 135 ரூபாய். மூன்றாண்டுகளாக மாதந்தோறும் அந்தத் தொகை கழிந்துகொண்டிருந்தது. அது எதற்கென்று எவரும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகம் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அப்போதிருந்த விதிப்படி, மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுவோர் அதன் வரம்புக்குள் வருவர். தொழிலாளி சம்பளத்தில் 0.75 விழுக்காடும் முதலாளி 3.25 விழுக்காடும் செலுத்த வேண்டும். அவர் கணக்கில் அது 135 ரூபாயும் 585 ரூபாயும் ஆகும். இதற்கு ஈடாகத் தொழிலாளிக்கும் அவரைச் சார்ந்த குடும்பத்துக்கும் மருத்துவம் கிடைக்கிறது. தனியார் காப்பீட்டைப் போல ‘இத்தனை லட்சம் வரை’ என்னும் ஆண்டு உச்சவரம்பு தொழிலாளியின் சிகிச்சைக்கு இல்லை. நோய் முன்பே இருந்ததா என்னும் விசாரணையும் இல்லை. புற்றுநோய் போன்ற உயர்சிகிச்சைக்குக் குறைந்தபட்சப் பணிக்காலமும் பங்களிப்பு நாட்களும் தேவை. மூன்றாண்டுப் பணி அதற்குத் தாராளமாகப் போதும்.

ஆனால் இவ்வழி குறிப்பிட்ட வரிசையில் மட்டுமே திறக்கும். காப்பீட்டு எண்ணுடன், தன் பெயர் இணைக்கப்பட்ட ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு முதலில் செல்ல வேண்டும். அங்கிருந்து ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அனுப்புவர். அங்கு அந்தச் சிகிச்சை இல்லையெனில், ஒப்பந்தத்தில் உள்ள மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் தருவர்; அதன் பேரில் நடக்கும் சிகிச்சைக்கு நோயாளி பணம் கட்ட வேண்டியதில்லை. பரிந்துரை இல்லாமல் தாமாகவே தனியார் மருத்துவமனையில் சேர்ந்து, பிறகு ரசீதுகளைக் கொண்டுசென்றால், உயிருக்கு ஆபத்தான அவசரநிலை என்று நிறுவாதவரை அத்தொகை திரும்பி வருவது அரிது. அடகுக்கடைக்குப் புறப்பட்ட கணவரை மூன்று நாள் பொறுக்கச் சொன்னதன் காரணம் இதுவே. மார்பகப் புற்றுநோயில் அறுவைக்கு முன் கட்டியின் ஏற்பி வகையை அறியும் சோதனைகளுக்கே சில நாட்கள் ஆகும். கீமோதெரபியை முதலில் தருவதா, அறுவையை முதலில் செய்வதா என்பதும் அதைப் பொறுத்தது. ஆகவே அந்த மூன்று நாட்கள் நோய்க்குக் கொடுத்த இடமன்று.

ராஜினாமா இன்னும் பெரிய இழப்பாக இருந்திருக்கும். ஈ.எஸ்.ஐ.யில் பங்களிப்புக் காலமும் பயன்பெறும் காலமும் வேறுவேறு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை செலுத்தியதன் பயன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை செலுத்தியதன் பயன் அதே ஆண்டு ஜூலை முதல் டிசம்பர் வரை. வேலையை விட்டவுடன் பாதுகாப்பு மறுநாளே நின்றுவிடாது என்பது உண்மை. ஆனால் பங்களிப்பு நின்றால் சில மாதங்களில் உரிமையும் தேய்ந்துவிடும். கீமோதெரபி, அறுவை, கதிர்வீச்சு, அதன்பின் ஆண்டுக்கணக்கான மாத்திரை என நீளும் சிகிச்சைக்கு அந்தச் சில மாதங்கள் போதா.

அத்துடன், வேலையில் இருப்பவருக்கே நோய்க்கால உதவித்தொகை உண்டு. சாதாரண நோய்க்கு ஆண்டில் 91 நாட்கள் வரை, சராசரி நாட்கூலியில் 70 விழுக்காடு. அவருக்கு நாட்கூலி ஏறத்தாழ 600 ரூபாய். எனவே நாளொன்றுக்கு 420 ரூபாய். புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு அதன்பின் நீட்டிக்கப்பட்ட உதவித்தொகை 80 விழுக்காடு, அதாவது 480 ரூபாய். இது இரண்டாண்டுகள் வரை நீளக்கூடும். நோய்க்கால உதவித்தொகை பெற்றுவரும் காலத்தில் தொழிலாளியை வேலையை விட்டு நீக்குவதை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 73ஆம் பிரிவு தடைசெய்தது. ராஜினாமாக் கடிதம் கொடுப்பவர் இந்தக் கவசத்தைத் தாமே கழற்றி வைக்கிறார்.

இங்குதான் ஒரு சிக்கல் எழுந்தது. நீட்டிக்கப்பட்ட உதவித்தொகைக்கு இரண்டாண்டுத் தொடர்பணி வேண்டும். அவர் மூன்றாண்டுகள் ஒரே வளாகத்தில், ஒரே மாடியில் வேலை செய்தவர். ஆயினும் கணினிப் பதிவு பதினான்கு மாதங்களையே காட்டியது. இடையில் கான்ட்ராக்டர் மாறியிருந்தார். புதிய கான்ட்ராக்டர் பழைய காப்பீட்டு எண்ணைக் கேட்டுத் தொடராமல், புதிய ஆளாகப் பதிந்து புதிய எண் வாங்கியிருந்தார். அவருடைய உழைப்பு இரண்டு எண்களாகப் பிளந்து, எதிலும் முழுமையாக இல்லாமல் கிடந்தது. ஒப்பந்தத் தொழிலில் இது அரிதன்று. பழைய சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்குப் பதிவு, ஆதார், இரண்டு எண்களின் விவரம் ஆகியவற்றுடன் கழகத்தின் கிளை அலுவலகத்தில் விண்ணப்பித்து இரண்டையும் இணைக்க வேண்டியிருந்தது. பழைய சீட்டுகளைத் தம்பி மின்னஞ்சலில் தேடி எடுத்துக் கொடுத்தார். இணைப்பு முடிய ஏழு வாரங்கள் ஆயின. சிகிச்சை அதற்குள் தொடங்கிவிட்டது. உதவித்தொகை மட்டுமே காத்திருந்தது.

பிடித்தமே செய்யாத கான்ட்ராக்டரிடம் வேலை செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்நிலையிலும் உரிமை முற்றாக அழிவதில்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்கான பங்களிப்பை முதலில் செலுத்தும் பொறுப்பு முதன்மை முதலாளியையே, அதாவது வளாகத்தை நடத்தும் நிறுவனத்தையே, சாரும் என்பது அச்சட்டத்தின் ஏற்பாடு. செலுத்தத் தவறியிருந்தால், கழகம் பயனைத் தொழிலாளிக்கு வழங்கி, பின்னர் முதலாளியிடம் வசூலிக்கவும் வழி இருந்தது. ஆனால் அதற்கு வேலை செய்ததற்கான சான்று வேண்டும். நுழைவு அட்டை, வருகைப் பதிவின் படம், வங்கியில் விழுந்த சம்பளம் ஆகியவை அப்போது மருத்துவ ஆவணங்களுக்கு நிகரானவை.

மற்ற வழிகளையும் அக்குடும்பம் ஆராயாமல் இல்லை. தம்பி அதே பகுதியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிபவர். “அக்காவை என் பாலிசியில சேர்த்துடலாமா?” என்று அவர் தம் மனிதவளப் பிரிவில் கேட்டார். நிறுவனக் குழுக் காப்பீட்டில் முன்பே இருந்த நோய்க்கும் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. அதுவே அதன் பெருஞ்சிறப்பு. ஆனால் அங்கே குடும்பம் என்றால் துணைவர், பிள்ளைகள், சில நிறுவனங்களில் பெற்றோர். உடன்பிறந்தவர் அதில் இல்லை. ஒருவேளை கணவருக்கு அத்தகைய வேலை கிடைத்திருந்தால், சேர்ந்தவுடன் தரப்படும் குறுகிய பதிவுக் காலத்துக்குள் மனைவியின் பெயரைச் சேர்த்திருக்கலாம். அக்கெடு தவறினால் அடுத்த புதுப்பித்தல் வரை காத்திருக்க நேரும். தனிநபர் காப்பீடு அந்நேரத்தில் பயனற்றது. நோயைச் சொன்னால் மறுப்பார்கள், அல்லது அந்நோய்க்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்புக் காலம் விதிப்பார்கள். மறைத்தால் உரிமைக் கோரிக்கை நிராகரிக்கப்படும், கட்டிய பணமும் போகும்.

அரசுத் திட்டங்களில் அவர் இரு மாநிலங்களுக்கு நடுவே நின்றார். தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அவருடைய சம்பளம் மட்டுமே ஆண்டுக்கு 2,16,000. கர்நாடகத்தின் ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகாவில் வறுமைக் கோட்டு அட்டை உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அந்த அட்டை இல்லாத பிற குடும்பங்களுக்குத் தொகுப்புக் கட்டணத்தில் 30 விழுக்காடு மட்டுமே, அதுவும் ஆண்டுக்கு 1.5 லட்சத்துக்குள். அதற்கும் அம்மாநிலக் குடியிருப்புச் சான்று வேண்டும். அவசரம் அல்லாத சிகிச்சைக்குத் தனியார் மருத்துவமனை செல்ல அரசு மருத்துவமனையின் பரிந்துரையும் தேவை. ஈ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு எஞ்சும் உறுதியான வாசல், ஓசூர் சாலை வழியே நகருக்குள் நுழையும்போது வரும் கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிறுவனம். அரசு நிறுவனமாகையால் அட்டை இல்லாதவரும் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை தொடங்க முடியும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கான மத்திய சுகாதார அமைச்சரின் புற்றுநோய் நோயாளர் நிதிக்கும் மண்டலப் புற்றுநோய் மையங்களின் வழியேதான் விண்ணப்பம் செல்லும். அங்கே விலை பணத்தில் அன்று, காத்திருப்பில் கொடுக்கப்படுகிறது.

ஏழை என்று ஏற்கப்படுவதற்குச் சற்று அதிகமாகவும், நிறுவனக் காப்பீட்டுக்கு மிகவும் குறைவாகவும் சம்பாதிக்கும் இத்தொழிலாளர்களுக்காகவே ஈ.எஸ்.ஐ. அமைந்தது. அதைப் பெறுவோரே அதை அறியாதிருப்பது தனிமனித அறியாமை அன்று. சம்பளச் சீட்டு ஆங்கிலத்தில் வருகிறது. அட்டை கான்ட்ராக்டரின் மேசையில் கிடக்கிறது. பிடித்தம் என்றாலே இழப்பு என்று அனுபவம் கற்பித்திருக்கிறது.

அவர் கடைசி கீமோதெரபிக்குப் பின் மீண்டும் அதே மாடியில் பணிக்குச் சேர்ந்தார். முதல் வாரத்தில் அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. தம் கீழ் வேலை செய்யும் பதினெட்டுப் பெண்களையும் மதிய உணவு நேரத்தில் கைபேசியைத் திறக்கச் சொல்லி, சம்பளச் சீட்டில் அந்த ஒரு வரியைக் காட்டினார். ஐந்து பேருக்கு அந்த வரியே இல்லை. அவர்கள் ஐவரின் பெயரையும், வேலையில் சேர்ந்த தேதியையும் அன்றே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்.