கண்ணுக்குத் தெரிந்தது, கணினிக்குத் தெரியவில்லை

பட்டம் முடித்த என் பேத்தி, பிரான்சில் வேலைக்கு மனுப் போட ஒரு பக்க பயோடேட்டா வைத்திருந்தாள். மூன்று இடங்களுக்கு அனுப்பியும் பதில் இல்லை. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால், "பிழை பாருங்க தாத்தா" என்று கணினியில் திறந்து கொடுத்தாள்.

ஒரு சொல்லைத் தேட Ctrl+F அழுத்தினேன். இல்லை என்றது. அவள் பெயரையே தேடினேன், அதுவும் இல்லையாம்! விசாரித்தால், கடையில் அச்செடுத்துக் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்த பிடிஎஃப் அது. நம் திருமழபாடிக் கோயில் கல்வெட்டைப் படம் பிடித்தால் கிடைப்பது கல்லின் படம். யாராவது படித்து எழுதினால்தான் வாசகம். பெரிய நிறுவனங்களில் மனுக்களை முதலில் பிரிப்பது மென்பொருள். வெறும் படமாக இருந்தால் பெயரும் படிப்பும் அதற்குக் கிடைக்காமல் போகலாம்.

வேர்டில் இருந்த மூலத்தை நேரடியாகவே பிடிஎஃப் ஆகச் சேமித்தோம். பிறகு Ctrl+A, Ctrl+C அழுத்தி, நோட்பேடில் ஒட்டிப் பார்த்தோம். எழுத்து வந்தது, வரிசை குழம்பியது. பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்திருந்ததால், பட்டம் பெற்ற ஆண்டு மொழிகளின் பட்டியலுக்குள் போய் விழுந்திருந்தது. எல்லாவற்றையும் ஒரே பத்தியாக, மேலிருந்து கீழாக அமைத்தோம். பக்கம் மீறியதால் பள்ளிக்கூடப் பரிசுகளை நீக்கினோம்.

மறுபடி ஒட்டியபோது é மேலிருந்த கோடு உட்பட எல்லாம் ஒழுங்காக வந்தது. இதற்காகவே வேலை கிடைத்துவிடாது. மனு படிக்கப்படும், அவ்வளவுதான். அந்த மூன்று இடங்களில் இரண்டுக்குக் கடைசித் தேதி முடிந்திருந்தது. மூன்றாவதற்கு அன்றிரவே மறுபடி அனுப்பினாள்.