கருகிய சாமான்களின் பட்டியல்

போன வாரம் வடைச்சட்டியில் எண்ணெய் தீப்பிடித்து, வாடகை வீட்டுச் சமையலறை கரியாகிப் போனது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. அன்றிரவே இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

பாலிசி எண், தேதி, நேரம், காரணம், முகவரி எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பட்டியலில்தான் மாட்டிக்கொண்டேன். கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினேன்: சிம்னி, மர அலமாரி, ஃபிரிட்ஜ், மிக்ஸி. பிறகுதான் உறைத்தது, சிம்னியும் அலமாரியும் வீட்டுக்காரருடையவை. என் பாலிசி என் சாமான்களுக்கு மட்டும்தான். இரண்டையும் அடித்துவிட்டு அவருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

வெறுமனே "ஃபிரிட்ஜ்" என்றால் போதாது. "240 லிட்டர், 2021இல் 24,500 ரூபாய்க்கு வாங்கியது, கதவு உருகிவிட்டது, பில் உண்டு" என்று எழுதினேன். அம்மா கொடுத்த கிரைண்டருக்கு ஏது பில்? பொங்கலன்று எடுத்த போட்டோவில் ஓரமாகத் தெரிந்தது, அதை இணைத்தேன். மொத்தத் தொகைக்கு முன்னால் "உத்தேசமாக" என்று போட்டேன். வேறு பழுது பின்னால் தெரிந்தால் சொல்ல இடம் வேண்டுமே.

மறுநாள் காலை மாமியார் கரியைக் கழுவ வாளியோடு வந்தார். கெஞ்சித் தடுத்தேன். சர்வேயர் வந்து பார்க்கும்வரை உருகிய மிக்ஸி ஜாரைக்கூடத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.