திரும்பிப் போன ஸ்வெட்டரின் கணக்கு

ஓசூரில் நவம்பர் குளிர் ஏறும்போது ஆன்லைன் ஆர்டர்களும் ஏறிவிடும். சிப்காட் பக்கம் ஒரு சிறு தொழிற்சாலையில் கணக்கு எழுதுவது என் வேலை. வீட்டுக் கணக்கை hledger-இல் வைத்திருக்கிறேன். அதில் நான் அதிகம் ரசித்து எழுதுவது, கூப்பனும் ரிட்டர்னும் கலந்த ஆர்டர்களைத்தான்.

இப்படி ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். குக்கர் 1,600, போர்வை 1,500, ஸ்வெட்டர் 900. மொத்தம் 4,000 ரூபாய். கூப்பனில் 400 கழிந்து, டெலிவரிக்கு 40 சேர்ந்து, கட்ட வேண்டியது 3,640. அதில் 500 பரிசு அட்டை இருப்பிலிருந்தும், மீதி 3,140 வங்கியிலிருந்தும் போனது. பரிசு இருப்பைத் தள்ளுபடியாக நினைப்பவர்கள் உண்டு. அது தள்ளுபடி அல்ல, ஏற்கெனவே கையில் இருந்த பணம். விலையைக் குறைத்தது கூப்பன் மட்டும்தான்.

அந்த 400-ஐ ‘தள்ளுபடி வருமானம்’ என்று தனியாக எழுதினால் குக்கர் 1,600-க்கு வாங்கியதாகவே கணக்கில் நிற்கும். நான் விலை விகிதப்படி பொருள்களுக்குப் பிரித்துவிடுவேன். இங்கே பத்தில் ஒரு பங்கு என்பதால் குக்கருக்கு 160, போர்வைக்கு 150, ஸ்வெட்டருக்கு 90. பைசா இடித்தால் மிச்சத்தைப் பெரிய பொருளின் தலையில் போட்டுவிடலாம்.

```
2025-11-28 ஆன்லைன் ஆர்டர்
    செலவு:சமையலறை      1440
    செலவு:படுக்கை       1350
    செலவு:துணி          810
    செலவு:டெலிவரி         40
    சொத்து:பரிசு இருப்பு   -500
    சொத்து:வங்கி       -3140
```

ஓர் ஆர்டருக்கு ஒரே பில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். விற்பவர் எத்தனை பேரோ அத்தனை பில். நம் ஊரில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. விற்பவரின் ஜிஎஸ்டி எண் 29-இல் தொடங்கினால் அது கர்நாடகப் பதிவு. சரக்கு எல்லை தாண்டி ஓசூருக்கு வருவதால் பில்லில் ஐஜிஎஸ்டி இருக்கும். 33-இல் தொடங்கினால் தமிழ்நாடு. சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். வீட்டுக்கு இந்த வேறுபாடு வேண்டாம், வரி விலைக்குள்ளேயே அடக்கம். கம்பெனி பெயரில் வாங்கினால்தான் அதற்கு வேலை. கூப்பன் செலவைத் தளமே ஏற்றிருந்தால், அது விற்பவரின் பில்லில் தெரியாமலும் போகலாம். ஆகவே பில்களின் கூட்டுத்தொகையை நம்பாமல், கையைவிட்டுப் போன பணத்தோடு ஒப்பிட வேண்டும்.

ஸ்வெட்டர் அளவு சரியில்லை, திரும்பிப் போனது. ரீஃபண்டாக வர வேண்டியது 900 அல்ல, 810. கூரியர்காரர் வந்து வாங்கிப்போன நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் இடையில் அந்தத் தொகை ‘வரவேண்டியது’ என்ற கணக்கில் உட்காரும்.

```
2025-12-02 ஸ்வெட்டர் ரிட்டர்ன்
    சொத்து:வரவேண்டியது    810
    செலவு:துணி          -810

2025-12-06 ரீஃபண்ட்
    சொத்து:பரிசு இருப்பு    500
    சொத்து:வங்கி          310
    சொத்து:வரவேண்டியது   -810
```

பணம் இரண்டாகப் பிரிந்து வந்திருப்பதைக் கவனியுங்கள். வங்கிக் குறுஞ்செய்தியை மட்டும் பார்ப்பவர், 310தான் வந்தது என்று வாடிக்கையாளர் சேவையோடு சண்டைக்குப் போவார். ரீஃபண்டை வருமானமாக எழுதுபவருக்கோ வருமானமும் துணிச் செலவும் சேர்ந்து வீங்கும். டிசம்பரில் துணிச் செலவு கழித்தல் குறியோடு தெரிந்தால் அப்படியே விட்டுவிடலாம். அதை நவம்பருக்கு நகர்த்தினால், ஏற்கெனவே பார்த்து முடித்த மாதத்தின் எண்கள் மாறிப்போகும்.

குக்கரில் ஒரு நசுங்கல். திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்ளச் சொல்லி, விற்பவர் 200 ரூபாய் தந்தார். இது பகுதி ரீஃபண்ட். பொருள் வீட்டிலேயே இருக்கிறது, விலைதான் இறங்கியது. சமையலறைச் செலவில் 200 கழித்தால் குக்கர் 1,240. ஆக நிகரச் செலவு: குக்கர் 1,240, போர்வை 1,350, டெலிவரி 40, மொத்தம் 2,630. கட்டிய 3,640-இல் 810-ஐயும் 200-ஐயும் கழித்தாலும் அதே 2,630 வர வேண்டும்.

சிக்கலான வகை ஒன்று உண்டு. ‘3,500-க்கு மேல் வாங்கினால்தான் கூப்பன்’ என்ற நிபந்தனை இருந்து, ரிட்டர்னுக்குப் பிறகு மீதி 3,100 ஆகிவிட்டால், சில கடைகள் கூப்பனைப் பறித்துக்கொள்ளும். அப்போது வருவது 810 அல்ல, 500. குறைந்த 310-ஐ ஸ்வெட்டரின் நஷ்டம் என்று எழுதக் கூடாது. ஸ்வெட்டர் வீட்டில் இல்லை, அதன் செலவு சுழியம். கூப்பன் இழந்தவை குக்கரும் போர்வையும்தான். எனவே குக்கருக்கு 160, போர்வைக்கு 150 திரும்ப ஏறும்.

மாதக் கடைசியில் `hledger balance சொத்து:வரவேண்டியது` என்று கேட்பேன். மொத்தம் 0 என்று மட்டும் காட்டினால் எல்லாம் வந்துவிட்டது. ஏதேனும் நின்றால் முதலில் பரிசு இருப்பைத் திறந்து பார்ப்பேன். அங்கும் இல்லையென்றால் ஆர்டர் பக்கத்தில் உள்ள ரீஃபண்ட் குறிப்பு எண்ணை எடுத்துக்கொண்டு வங்கியிடம் கேட்பேன்.