எட்டுச் செலவும் சம்பள நாளும்

ஏப்ரல் 22, செவ்வாய்க்கிழமை காலமை. அலுவலகம் திறக்க முதலே போன் வந்தது. கணக்கு பாக்கிற அக்காவின்ர அப்பா மோசம் போயிட்டார். யாழ்ப்பாணத்தில நாங்கள் ஆறு பேர் சேர்ந்து நடத்துற சின்ன அலுவலகம் இது. ஒராள் இல்லாட்டி மற்ற ஐந்து பேருக்கும் அது தெரியும். ஆனாலும் அண்டைக்கு எங்களுக்குத் தெரிஞ்சது ஒரு வசனம்தான்: "அக்கா, என்ன உதவி எண்டாலும் சொல்லுங்கோ."

அடுத்த நாள் செத்தவீட்டுக்கு மூண்டு பேர் போனம். மிச்ச ரெண்டு பேரும் அலுவலகத்தில. மத்தியானம் சம்பளக் கோப்பைத் திறக்க பாஸ்வேர்ட் தேவைப்பட்டுது. எங்களில ஒராள் யோசிக்காமல் அக்காவுக்கே போன் எடுத்திட்டார். பின்னால திருப்பொற்சுண்ணம் பாடுற சத்தம் கேட்டதாம். அக்கா பாஸ்வேர்டைச் சொல்லிப்போட்டு வைச்சிட்டா. அந்தக் கிழமை நாங்கள் விட்ட பெரிய பிழை அதுதான்.

அண்டு பின்னேரம் இருந்து கதைச்சம். முதல் லீவுக் கணக்கு. கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டத்தின்படி ஒரு வருசத்துக்கு 7 நாள் தற்செயல் விடுமுறையும் 14 நாள் வருடாந்த விடுமுறையும் இருக்கு. துக்கத்துக்கெண்டு அந்தச் சட்டத்தில தனி விடுமுறை இல்லை. அக்காவுக்குத் தற்செயல் விடுமுறையில 4 நாள்தான் மிச்சம். எட்டுச் செலவு 29ஆம் திகதி. அதுவரைக்கும் வேலை நாள் ஆறு.

வழமையா செய்யிறது, இருக்கிற லீவையெல்லாம் ஒரேயடியாக் கழிச்சு, மிச்சத்தைச் சம்பளமில்லாத லீவாப் போடுறதுதான். ஆனா எங்கட வீடுகளில துக்கம் ஒரு கிழமையோட முடியிறதில்லை. 31ஆம் நாளையொட்டி கீரிமலையில அந்தியேட்டி, பிறகு வீட்டுக்கிருத்தியம். மே 21, 22 ரெண்டு நாளும் அவ திரும்பவும் வீட்டில நிக்கவேணும். அதால முதல் மூண்டு நாளையும் அலுவலகத்தின்ர கணக்கில, சம்பளத்தோட, துக்க விடுமுறையாக் குடுத்தம். அடுத்த மூண்டு நாள் தற்செயல் விடுமுறை. மிச்சமிருந்த ஒரு நாளையும் வருடாந்த விடுமுறையில ஒரு நாளையும் மே மாசத்துக்கெண்டு அப்பவே எழுதி வைச்சம். அவ பிறகு வந்து தயங்கித் தயங்கிக் கேக்கத் தேவையில்லை எண்டதுதான் அதில முக்கியம்.

அடுத்தது வேலை. அக்காவின்ர மேசையில இருந்த எல்லாத்தையும் செய்யப் பாக்கேல்லை. மாச முடிவுக்குள்ள தள்ளிப்போட ஏலாதது எது எண்டு மட்டும் பாத்தம். ஒண்டு சம்பளம். மற்றது மார்ச் மாசத்துக்கான ஊழியர் சேமலாப நிதி. அடுத்த மாசத்தின்ர கடைசி வேலை நாளுக்குள்ள கட்டாட்டி மேலதிகக் கட்டணம் விழும். ஒவ்வொண்டுக்கும் ஒராளின்ர பேரைப் போட்டம். மற்றதெல்லாம் ஒரு பெட்டிக்குள்ள, "மே மாசம்" எண்டு எழுதி. அக்காவிட்டக் கேக்கவேண்டியதை ஒராள் மட்டும் சேர்த்து, நாளுக்கு ஒரு தடவை, அவவின்ர மச்சாளுக்கு மெசேஜ் போடுறது எண்டு முடிவு. அப்பிடிச் சேர்த்துப் பாத்தா, முக்காவாசிக் கேள்விக்குப் பழைய கோப்புகளிலயே பதில் இருந்தது.

30ஆம் திகதி அக்கா வந்தா. அதோட எல்லாம் சரி எண்டு நாங்கள் நினைச்சது ரெண்டாவது பிழை. மூண்டாம் நாள் ஒரு காசோலையில ஒரு பூச்சியம் கூடிப்போச்சு. கையெழுத்து வைக்கிற நேரம் பிடிபட்டுது. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை, ஆனா அவவின்ர முகம் கறுத்துப்போச்சு.

"அக்கா, எந்த வேலை கஷ்டமாக் கிடக்கு?" எண்டு அப்பதான் கேட்டம். "என்ன உதவி வேணும்" எண்டதுக்கு ஒண்டும் வேண்டாமெண்டு சொன்னவ, இதுக்குப் பதில் சொன்னா: "கணக்கு பரவாயில்லை தம்பி. போன் அடிச்சாத்தான் நெஞ்சு பக்கெண்டுது. ஆஸ்பத்திரியில இருந்து வந்த மாதிரி."

அண்டிலிருந்து அவவின்ர மேசை போன் வேற மேசைக்குப் போச்சு. அந்தியேட்டி முடியும்வரை காசு போற எல்லாத்தையும் ரெண்டு பேர் பாக்கிறது எண்டு வைச்சம், அவவின்ரயை மட்டுமில்லை, எல்லாரின்ரயையும். வெள்ளிக்கிழமை சாமிப் படத்துக்கு விளக்கு வைக்கிறது வழமையா அக்கா. துடக்கு முடியுமட்டும் அதையும் கேக்காமல் நாங்களே செய்தம்.

இப்ப ஒவ்வொருத்தரின்ர மேசை லாச்சியிலயும் ஒரு பக்கத் தாள் கிடக்கு: மாசத்தில தள்ளிப்போட ஏலாத வேலை எது, கோப்பு எங்க கிடக்கு, திறக்கத் தெரிஞ்ச ரெண்டாவது ஆள் ஆர். முதல் எழுதித் தந்தது அக்காதான். கடைசி வரியில, "செத்தவீட்டுக்குப் போன் எடுக்க வேண்டாம்" எண்டு போட்டிருந்தா. ஆர் எடுத்தது எண்டு அவ இண்டைவரைக்கும் கேக்கேல்லை.