இன்சுலின் போத்தலும் மண்பானையும்



வீட்டில் மருந்து வைப்பது பற்றி ஒரு பாமசிக்காரர் போட்ட சின்ன வீடியோவைப் போன கிழமை பார்த்தேன். பார்த்து முடித்ததும் எழும்பிப் போய் உம்மாவின் இன்சுலின் போத்தலைத் தேடினேன். கரண்ட் போனால் பழுதாகிவிடும் என்று பயந்து, உம்மா அதை ஐஸ் கட்டும் தட்டில் வைத்திருந்தா. இரவு உறைந்து, காலையில் உருகியிருந்தது.

அவர் சொன்னது இதுதான். இன்சுலின் ஒரு புரதம். ஒருக்கா உறைந்தால் அதன் அமைப்புக் கெட்டுவிடும், உருகினாலும் திரும்பி வராது. பால் நிற இன்சுலினை உள்ளங்கையில் மெதுவாக உருட்டினால் ஒரே சீராகக் கலக்க வேண்டும். உம்மாவின் போத்தலில் சின்னச் சின்னத் துணிக்கைகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றன. எறிந்துவிட்டோம். ஆனால் துணிக்கை இல்லாவிட்டாலும், உறைந்தது என்று தெரிந்தால் எறியத்தான் வேண்டும். சூட்டில் பழுதானதும் பார்வைக்கு நல்லதுபோலவே இருக்கலாம்.

திறக்காத போத்தலுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் வேண்டும். பிரிட்ஜின் நடுத்தட்டு நல்லது. பாவித்துக்கொண்டிருக்கும் போத்தலை வெளியில் வைக்கலாம். பொதுவாக 4 கிழமை, அதுவும் 25 அல்லது 30 பாகைக்குக் கீழே. இது இன்சுலின் வகைக்கு வகை மாறும் என்பதால் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள் என்றார். திறந்த திகதியைப் போத்தலில் எழுதச் சொன்னார்.

ஜெயபுரத்தில் எத்தனையோ வீடுகளில் பிரிட்ஜ் இல்லை. அவர்களுக்கு மண்பானை. பெரிய பானைக்குள் சின்னப் பானையை வைத்து, இடைவெளியை மணலால் நிரப்பி, மணலை நனைக்க வேண்டும். போத்தலை நீர் புகாத டப்பாவில் போட்டு உள்ளே வைத்து, ஈரத் துணியால் மூட வேண்டும். பானை நிற்க வேண்டியது நிழலில், காற்றுப் படும் இடத்தில். அடுப்படியில் அல்ல. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும்.

இங்கேதான் அவர் கவனமாகப் பேசினார். பானை பிரிட்ஜ் ஆகாது, 8 பாகைக்கு இறங்காது. சோளகம் வீசும் வறண்ட நாளில் நன்றாக வேலை செய்யும், மாரியில் காற்று ஈரமாக இருந்தால் குறைவாகத்தான் குளிரும். ஆகவே அது பாவிக்கும் போத்தலுக்கு மட்டும். மிச்சப் போத்தல்களுக்குப் பிரிட்ஜ் உள்ள அயல் வீடு வேண்டும். இல்லையென்றால் கிளினிக்கில் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். உள்ளே ஒரு வெப்பமானி வைத்தால் ஊகிக்கத் தேவையில்லை.

கடைசியாக அவர் சொன்னது என் மனதில் நிற்கிறது. வழமையாகப் போடும் அளவைப் போட்டும் சீனி ஏறினால், மருந்து பழுதாகியிருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். போத்தலையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள்.

உம்மாவும் அப்படித்தான் போய்ப் புதுப் போத்தல் வாங்கி வந்தா. இப்போது அது நடுத்தட்டில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் போத்தல் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே ஒருக்காப் பாருங்கள்.